படக் கணக்கில் காசு எண்ணுதல்: 30 ரூபாய் படத்துக்கு 10, 18, 19, 34, 39 என்று விடை வருவது ஏன்?

வண்ணை_மாலைவகுப்பு

எல்லாருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் எடுக்கிறேன். பணம் பகுதியில் ஒரு படக் கணக்கு கொடுத்தேன். படத்தில் 10 ரூபாய் நோட்டு ஒன்று, 5 ரூபாய் நாணயம் இரண்டு, 2 ரூபாய் நாணயம் மூன்று, 1 ரூபாய் நாணயம் நான்கு. எல்லாம் தாளில் சிதறிக் கிடக்கும். "மொத்தம் எவ்வளவு?" என்பதுதான் கேள்வி. விடை 30.

வந்த விடைகள் 10, 18, 19, 34, 39. ஒரு சிலர்தான் 30 எழுதினார்கள். எல்லாருக்கும் கூட்டல் தெரியும். 10 + 5 + 5 என்று எண்களாக எழுதிக் கொடுத்தால் சரியாகப் போடுகிறார்கள், படமாக வந்தால்தான் தடுமாறுகிறார்கள். இதை எங்கிருந்து சரிசெய்வது?

இன்னொன்றும் உண்டு. "ஒரு டப்பா 32 ரூபாய். 50 ரூபாய் நோட்டு கொடுத்தால் மீதி எவ்வளவு?" என்று படத்தோடு கேட்டதற்கு 22, 28, 82 என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அதற்கும் வழி சொல்லுங்கள்.

பெரம்பூர்_எண்சட்டம்

டீச்சர், நீங்கள் விடைகளை அப்படியே எழுதியது நல்லதாகப் போயிற்று. ஒவ்வொரு தப்பு விடைக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே விளக்கத்தைத் திரும்பச் சொன்னால் யாருக்குமே பயன்படாது.

10 எழுதிய பிள்ளை துண்டுகளை எண்ணியிருக்கிறது. நோட்டு ஒன்று, நாணயம் ஒன்பது, ஆகப் பத்து. ஒன்றாம் வகுப்பு முழுக்க நாம் அதைத்தானே பழக்கினோம்? ஒரு பொருள் மேல் விரல் வை, ஒரு எண் சொல், அடுத்ததுக்குப் போ. கையில் இருப்பது ஒன்று, ஆனால் அதன் மதிப்பு ஐந்து என்பது அந்தப் பிள்ளைக்கு முதல்முறையாக வருகிறது.

19 எழுதிய பிள்ளை பாதி வழி வந்துவிட்டது. நோட்டை 10 என்று எடுத்துக்கொண்டு, ஒன்பது நாணயங்களையும் ஆளுக்கு ஒரு ரூபாயாக எண்ணியிருக்கிறது. நோட்டுக்கு மதிப்பு உண்டு, காசு என்றால் காசு, அவ்வளவுதான்.

18 என்பது 10 + 5 + 2 + 1. வகைக்கு ஒன்று எடுத்துக் கூட்டியிருக்கிறது. எந்த எந்தக் காசு இருக்கிறது என்று பார்த்ததே தவிர, எத்தனை என்று பார்க்கவில்லை. படத்தில் காசுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல் வரைந்திருந்தால் இந்த விடை அதிகம் வரும். ஒருமுறை உங்கள் படத்தைப் பாருங்கள்.

34, 39 எழுதியவர்களுக்கு மதிப்பு நன்றாகவே தெரியும். தாவி எண்ணவும் தெரியும். காசு மாறும்போது தாவலை மாற்றத்தான் தெரியவில்லை. சரியான ஓட்டம் 10, 15, 20 என்று போய், பிறகு 22, 24, 26, பிறகு 27, 28, 29, 30. ஒரு ரூபாய்க்கு வந்த பிறகும் இரண்டிரண்டாகவே போனால் 28, 30, 32, 34. இரண்டு ரூபாய்க்கு வந்த பிறகும் ஐந்தைந்தாகவே போய், ஒரு ரூபாயில் மட்டும் மாறினால் 25, 30, 35, அதன்பின் 36, 37, 38, 39. கடைசி வரை ஐந்தைந்தாகவே போகிற பிள்ளை இருந்தால் 55 எழுதும்.

உறுதிசெய்ய ஒரே வழிதான். பிள்ளையை விரல் வைத்து வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள், நடுவில் திருத்தாதீர்கள். எந்த நாணயத்தின் மேல் விரல் இருக்கும்போது எண் தப்பிப் போகிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

திருவொற்றியூர்_அப்பா

சார் சொன்னது சரி, ஆனா இவ்வளவு ஆராய்ச்சி வேணாம்னு தோணுது. படத்துல காசை அளவு வித்தியாசம் தெரியற மாதிரி வரைஞ்சா போதும். பெரிய காசுக்குப் பெரிய மதிப்பு. ஒரு ரூபா சின்னது, ரெண்டு ரூபா கொஞ்சம் பெருசு, அஞ்சு அதைவிடப் பெருசு, பத்து இன்னும் பெருசு. கண்ணு பார்த்ததும் பிள்ளைக்குப் புரிஞ்சிடும். அப்புறம் தாளை விட்டுட்டு நிஜக் காசைக் கையில குடுங்க. படத்தை வெச்சு எதுக்கு மல்லுக்கட்டணும்?

மூலக்கொத்தளம்_நாணயம்

அண்ணே, நிஜக் காசைக் குடுங்கன்னு சொன்னது ரொம்பச் சரி. அளவு விஷயத்துல மட்டும் கவனம் வேணும். 2011-ல வந்த வரிசையில 2 ரூபாய் நாணயம் 25 மில்லிமீட்டர், 5 ரூபாய் நாணயம் 23 மில்லிமீட்டர். ரெண்டு ரூபாதான் பெருசு. 2019-ல வந்த வரிசையில அது தலைகீழ்: 2 ரூபா 23, 5 ரூபா 25. ரெண்டு வரிசையும் இப்ப ஒரே கல்லாவுல கலந்து கிடக்குது. ஒரு ரூபாயும் அப்படித்தான், 2011 வரிசையில 22, 2019 வரிசையில 20. பழைய ஒரு ரூபாயும் புது ரெண்டு ரூபாயும் பக்கத்துல பக்கத்துல இருந்தா ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

"பெருசுன்னா அதிகம்"னு படத்துல பழகின பிள்ளை, கையில பழைய ரெண்டு ரூபாயும் பழைய அஞ்சு ரூபாயும் கிடைச்சா ரெண்டைத்தான் அஞ்சுன்னு எடுக்கும். அளவைப் பார்க்கப் பழக்காதீங்க, எண்ணைப் பார்க்கப் பழக்குங்க.

இன்னொரு முக்கியமான விஷயம். சில பயிற்சித்தாள்ல அழகுக்காக சில காசைச் சிங்கப் பக்கமா வரைஞ்சிருப்பாங்க. இப்ப புழங்கற பெரும்பாலான காசுல மதிப்பு எழுதின எண் அந்தப் பக்கம் இல்ல, மறுபக்கம்தான் இருக்கு. பெரியவங்களே எண்ணைப் பார்த்துத்தான் சொல்றோம், சிங்கத்தைப் பார்த்துப் பிள்ளை என்னன்னு சொல்லும்? அச்சடிக்கிற படத்துல எல்லாக் காசும் எண் தெரியற பக்கமா இருக்கணும். சிங்கப் பக்கத்தை நிஜக் காசுல காட்டி, "இப்ப எவ்வளவுன்னு தெரியல, புரட்டிப் பாரு"ன்னு சொல்லிக் குடுத்தா போதும்.

தண்டையார்பேட்டை_அம்மா

நானும் இதைத்தான் தேடிட்டிருந்தேன். பையன் ஒண்ணாவது. நோட்டுப் படம் வேணும்னு ஸ்கூல்ல சொன்னாங்க. நிஜ நோட்டையே ஜெராக்ஸ் கடையில கலர்ல ரெண்டு பக்கமும் எடுத்து வெட்டிக் குடுத்தா எண்ணிப் பழகுவான்ல? பொம்மைக் கடையில விக்கிற நோட்டு நல்லா இல்ல, 100 ரூபா வேற கலர்ல இருக்கு.

மூலக்கொத்தளம்_நாணயம்

அய்யோ, அதை மட்டும் பண்ணாதீங்கக்கா. நோட்டு மாதிரியே இருக்கற எதையும் அடிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. விளையாட்டுக்குன்னு சொன்னாலும் எடுபடாது. நீங்களே வரையுங்க. ஒரு செவ்வகம், நடுவுல பெருசா எண், அதுக்கேத்த நிறம், அவ்வளவு போதும். இப்ப வர்ற புது வரிசை நோட்டுல 10 சாக்லேட் பழுப்பு, 20 பச்சை கலந்த மஞ்சள், 50 நீலம், 100 இளம் ஊதா, 200 பளிச்சுன்னு மஞ்சள், 500 சாம்பல். நீங்க பார்த்த பொம்மை நோட்டு பழைய வரிசை நிறத்துல இருக்கும், அதான் 100 வேற மாதிரி தெரியுது.

வண்ணை_மாலைவகுப்பு

நிறம் பற்றிச் சொன்னதும் ஒன்று உறைக்கிறது. நான் கொடுக்கிற தாள் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். அதில் நிறமே இல்லை. 10 நோட்டும் 20 நோட்டும் ஒரே சாம்பல் கட்டம்தான்.

பெரம்பூர் சார், 10 எழுதிய பிள்ளைக்கும் 34 எழுதிய பிள்ளைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லையே?

பெரம்பூர்_எண்சட்டம்

சொல்கிறேன். இருவருக்கும் ஒரே பயிற்சி கொடுக்கக் கூடாது.

துண்டுகளை எண்ணுகிற பிள்ளைக்கு முதலில் மொத்தமே கேட்க வேண்டாம். மாற்றுகிற வேலையை மட்டும் கொடுங்கள். மேசைமேல் ஒரு 5 ரூபாய் நாணயம். அதற்குக் கீழே ஒரு ரூபாய் நாணயங்களை ஒவ்வொன்றாக வரிசையில் வைக்கச் சொல்லி, "இதுக்குச் சமமா வந்ததும் நிறுத்து" என்று சொல்லுங்கள். ஐந்து வைத்ததும் நிறுத்துகிறதா என்று பாருங்கள். பிறகு 2 ரூபாய்க்கு இரண்டு. பிறகு ஒரு 5 ரூபாய்க்கு இரண்டு 2 ரூபாயும் ஒரு 1 ரூபாயும். இந்த மூன்றாவது மாற்று வந்துவிட்டால், ஒரு காசுக்குள் பல ரூபாய் இருக்கிறது என்பது பிடிபட்டுவிட்டது என்று பொருள்.

அதன்பின் படத்துக்கு வாருங்கள். ஒவ்வொரு நாணயத்துக்கும் கீழே அதன் மதிப்பு அளவுக்குப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். 5 ரூபாய்க்குக் கீழே ஐந்து, 2 ரூபாய்க்குக் கீழே இரண்டு. நோட்டுக்குப் புள்ளி வேண்டாம், பத்து புள்ளி வைப்பதற்குள் சலித்துவிடும், அதன் மேல் 10 என்று எழுதினால் போதும். "பத்து"என்று நோட்டைத் தொட்டுச் சொல்லிவிட்டு, புள்ளிகளைத் தொட்டுத் தொட்டு 11, 12 என்று போகட்டும். மெதுவாகத்தான் போகும், ஆனால் 30 என்று சரியாக வரும். இப்படிச் சில படங்கள் ஆனதும் முதலில் 5 ரூபாயின் புள்ளிகளை எடுத்துவிடுங்கள், 2 ரூபாயின் புள்ளிகளைக் கடைசியில் எடுங்கள். ஐந்தைந்தாக எண்ணுவது பிள்ளைகளுக்கு எளிது. 20-க்கு மேல் இரண்டிரண்டாக எண்ணுவதில்தான் கூடுதல் உதவி வேண்டியிருக்கும்.

34, 39 எழுதிய பிள்ளைகளுக்குப் புள்ளி கொடுத்தால் பின்னுக்கு இழுத்த மாதிரி ஆகிவிடும். அவர்களுக்கு மூன்று பழக்கம் போதும். சிதறிக் கிடக்கிற காசுகளைப் பெரிய மதிப்பிலிருந்து வரிசையாக மாற்றி எழுதுவது. எண்ணி முடித்த காசை ஒரு கோடு போட்டு அடிப்பது. வகை மாறுகிற இடத்தில் நிறுத்தி, அதுவரை வந்ததையும் அடுத்த தாவலையும் வாய்விட்டுச் சொல்வது: "இருபது. இனிமே ரெண்டு ரெண்டா." "இருபத்தாறு. இனிமே ஒண்ணு ஒண்ணா." இந்த நிறுத்தம்தான் மருந்து. நிறுத்தாமல் ஓடுகிற பிள்ளை பழைய தாவலிலேயே போய்விடும்.

படம் அமைப்பவர் கவனிக்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. உங்கள் படத்தில் 5 ரூபாய் இரண்டு இருந்ததால் 20-ல் நின்று 22, 24 என்று இரட்டைப்படையில் போனது. அதே படத்தில் 5 ரூபாய் ஒன்றே ஒன்று என்று வையுங்கள். 10, 15, அடுத்து 17, 19, 21 என்று ஒற்றைப்படையில் இரண்டிரண்டாகப் போக வேண்டும். எண்களில் ஒரு சின்ன மாற்றம்தான், கடினமோ பல மடங்கு கூடிவிடுகிறது. இரண்டாம் வகுப்பில் பல பிள்ளைகள் 15-க்கு அடுத்து 16 என்றோ 20 என்றோ போவார்கள். ஆகவே தொடக்கத்தில் 5 ரூபாய் நாணயங்களை இரண்டு, நான்கு என்றே வையுங்கள், பழகிய பிறகு ஒன்று, மூன்று என்று கொடுங்கள். கணக்கு தடுமாறினால், காசை எடுத்து வைத்துவிட்டு "15-லிருந்து ரெண்டு ரெண்டா சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். அதுவே வரவில்லை என்றால் குறை பணத்தில் இல்லை.

கொடுங்கையூர்_மூன்றாம்வகுப்பு

சார் சொன்ன வரிசைமுறையில் ஒரு சந்தேகம். எப்போதும் பெரியதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று பழக்கினால், பிள்ளை கையில் கிடைக்கிற காசு அந்த வரிசையில் வராதே? சில பிள்ளைகள் 5-ஐயும் 5-ஐயும் பார்த்ததும் பத்தாக்கிவிடுகிறார்கள். 2, 2, 1 பார்த்தால் ஐந்தாக்குகிறார்கள். அது இன்னும் நல்ல வழி இல்லையா? உங்கள் படத்திலேயே மூன்று 2 ரூபாயையும் நான்கு 1 ரூபாயையும் சேர்த்தால் ஒரு பத்து வந்துவிடும். நோட்டு ஒரு பத்து, இரண்டு அஞ்சு ஒரு பத்து, மிச்சம் ஒரு பத்து. மூன்று பத்து 30. தாவலே மாற்ற வேண்டியதில்லை.

பெரம்பூர்_எண்சட்டம்

உண்மைதான் டீச்சர், பத்து சேர்ப்பது நல்ல வழி. ஆனால் 2 + 2 + 2 + 1 + 1 + 1 + 1 பத்து என்று கண்ணால் பார்த்ததும் தெரிய, பத்தின் கூட்டல் சோடிகள் பிள்ளைக்கு அத்துப்படியாக இருக்க வேண்டும். அது வந்த பிள்ளை தானாகவே அப்படிப் போகும், நான் தடுக்க மாட்டேன். வராத பிள்ளைக்கு வரிசை முறை ஒரு பிடிமானம். முதலில் எதைச் சொல்லிக்கொடுப்பது என்பதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் என்று நினைக்கிறேன்.

ராயபுரம்_மளிகை

எல்லாரும் மொத்தத்துலயே நிக்கறீங்க. டீச்சர் மீதி பத்தியும் கேட்டாங்க. கடைக்காரன் ஒருத்தன் சொல்றேன், கேட்டுக்கங்க.

கல்லாவுல நாங்க கழிக்கறதே இல்ல. 32 ரூபா சாமான், 50 ரூபா நோட்டு நீட்டறாங்க. நான் 32-ல இருந்து மேல ஏறிப் போவேன். ஒரு ரூபா எடுத்து வெச்சு "முப்பத்திமூணு", ரெண்டு ரூபா வெச்சு "முப்பத்தஞ்சு", அஞ்சு ரூபா வெச்சு "நாப்பது", பத்து ரூபா நோட்டு வெச்சு "அம்பது". முடிஞ்சுது. கையில வெச்சதுதான் மீதி: 1, 2, 5, 10, மொத்தம் 18. கடன் வாங்கற வேலையே கிடையாது. முதல்ல அஞ்சுல முடியற எண்ணுக்குப் போ, அப்புறம் பத்துல முடியற எண்ணுக்குப் போ, அப்புறம் நோட்டுக்குப் போ. இதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுங்க.

பெரம்பூர்_எண்சட்டம்

அண்ணே, இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. டீச்சரின் பிள்ளைகள் எழுதிய 22-ம் 28-ம் கழித்தல் முறையில் வருகிற தப்புகள்தான். 50-லிருந்து 32 கழிக்கும்போது, ஒன்றின் இடத்தில் 0-விலிருந்து 2 போகாது என்பதால் தலைகீழாக 2-ஐ அப்படியே இறக்கி 22 எழுதுகிறார்கள். 28 எழுதியவர் பத்து கடன் வாங்கி 8 சரியாகப் போட்டிருக்கிறார், ஆனால் 5-ஐ 4 ஆக்க மறந்துவிட்டார். 82 வேறு மாதிரி: படத்தில் இரண்டு எண் தெரிந்தது, கூட்டிவிட்டார். யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பது படத்தில் தெரியவில்லை என்பதற்கு அது அடையாளம். நோட்டிலிருந்து கடைக்காரரை நோக்கி ஒரு அம்புக்குறி, கடைக்காரரிடமிருந்து பிள்ளையின் காலிக் கைக்கு ஒரு அம்புக்குறி. இந்த இரண்டும் வரைந்தால் 82 குறையும்.

கடைக்காரர் முறையிலும் பிள்ளைகள் தப்புவார்கள், அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்ன எண் 50 என்பதால் மீதி 50 என்று எழுதுவார்கள். நான்கு துண்டு வைத்ததால் 4 என்று எழுதுவார்கள். மூன்றாவது தப்பு கண்ணில் படாது. முதல் ஒரு ரூபாயை வைக்கும்போதே "முப்பத்திரண்டு" என்று சொல்லிவிடுவார்கள். பிறகு 33, 34, 35 என்று நான்கு ஒரு ரூபாய் வைத்துவிடுவார்கள். மீதி 19 ஆகிவிடும்.

இதற்கு மேசையை இரண்டாகப் பிரியுங்கள். இடது பக்கம் 32 என்று எழுதிய விலைச்சீட்டு. அதன் மேல் கைவைத்து "முப்பத்திரண்டு" என்று சொல்ல வேண்டும். அங்கே காசு எதுவும் வைக்கக் கூடாது. வலது பக்கம் காலித் தட்டு. காசு தட்டில் விழும்போதுதான் அடுத்த எண். 50 வந்ததும் வாயை மூடிக்கொண்டு தட்டை மட்டும் எண்ண வேண்டும், அதுவும் பெரியதிலிருந்து: 10, 15, 17, 18. மொத்தம் எண்ணுகிற பழக்கம் இங்கே திரும்ப வந்து உதவுகிறது. பார்த்தீர்களா, 15-லிருந்து 17-க்குப் போக வேண்டியிருக்கிறது. ஆகவே ஒற்றைப்படையில் இரண்டு கூட்டத் தெரியாத பிள்ளைக்கு இந்தக் கணக்கு இப்போதைக்கு வேண்டாம். விலையை 35 என்று வையுங்கள், மீதி 15-ஆகிவிடும். ஒரு 5, ஒரு 10, வேலை முடிந்தது.

கொடுங்கையூர்_மூன்றாம்வகுப்பு

கடைக்காரர் முறை அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்வில் "50 − 32" என்று மேலும் கீழும் எழுதிக் கழித்துக் காட்டினால்தான் முழு மதிப்பெண் போடுகிற இடங்கள் இருக்கின்றன. மேலே ஏறி எண்ணி 18 எழுதினால், "வழிமுறை எங்கே?" என்று கேட்பார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொடுத்தால் மெதுவாகப் போகிற பிள்ளை இரண்டையும் கலக்கிவிடும். கழித்தல் நன்றாக வந்த பிறகு கடை முறையைக் காட்டுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

பெரம்பூர்_எண்சட்டம்

நான் மாற்றிச் செய்வேன். ஏறி எண்ணுவதை முதலில் கொடுத்தால், கழித்தலில் 22 எழுதிய பிள்ளை தன் தப்பைத் தானே பிடிக்கும். 32-உம் 22-உம் சேர்ந்தால் 54, நோட்டை விட அதிகம். அப்படியானால் தப்பு. 28 என்றால் 60. அதுவும் தப்பு. 32-உம் 18-உம் சேர்ந்தால் 50. எந்த முறையில் போட்டாலும் கடைசியில் விலையோடு மீதியைக் கூட்டி நோட்டு வருகிறதா என்று பார்க்கும் வரியை எழுத வையுங்கள். அந்த வரிக்கு மதிப்பெண் உண்டோ இல்லையோ, பிள்ளைக்கு உதவும்.

திருவொற்றியூர்_அப்பா

சரி, ஏறி எண்ணறது நல்லா இருக்கு. ஆனா இந்தக் காலத்துல யாரு சில்லறை குடுக்கறா? கடையில போய் நின்னா எல்லாம் ஜிபேதான். மீதிக்குப் பதிலா சாக்லேட் குடுக்கறாங்க. பிள்ளைங்களுக்கு மீதி வாங்கற பழக்கமே இல்லாம போச்சு.

ராயபுரம்_மளிகை

பெரியவங்க ஸ்கேன் பண்றாங்க, வாஸ்தவம். ஆனா பிள்ளைங்க கையில இன்னும் காசுதான் குடுத்து அனுப்பறாங்கண்ணே. தயிர், முட்டை, பென்சில்னு வாங்க வர்றதுல பாதிப் பேர் பிள்ளைங்கதான். 50 குடுத்துட்டு மீதியை எண்ணாம ஓடறதும் அவங்கதான்.

அதோட இன்னொண்ணு. 32 ரூபாய்க்கு 50 நீட்டினா "ரெண்டு ரூபா இருக்கா பாப்பா?"ன்னு கேப்போம். 52 குடுத்தா 20 ரூபா நோட்டு ஒண்ணா திருப்பிக் குடுத்துடலாம், சில்லறை தேட வேண்டாம். பிள்ளைங்க முழிக்கும். "அம்பதே அதிகம், இன்னும் ரெண்டு ஏன் கேக்கறாங்க?"ன்னு. இதையும் படக் கணக்குல வெச்சா நல்லா இருக்கும்ல?

வண்ணை_மாலைவகுப்பு

இதை எங்கள் பகுதிக் கடைகளில் தினமும் கேட்கிறார்கள், புத்தகத்தில்தான் பார்த்ததில்லை. ஆனால் இரண்டாம் வகுப்புக்கு இது அதிகமோ?

பெரம்பூர்_எண்சட்டம்

இரண்டாம் வகுப்பில் விடை எழுதச் சொல்ல வேண்டாம், நடித்துக் காட்டலாம். இரண்டு தட்டு வையுங்கள். முதல் முறை 50 கொடுத்து 1, 2, 5, 10 திரும்ப வாங்கட்டும். இரண்டாம் முறை 50-ஓடு 2 ரூபாய் கொடுத்து 20 ரூபாய் நோட்டு ஒன்று வாங்கட்டும். முதல் முறை தட்டில் 18 வந்தது, கையில் 2 ரூபாய் மிச்சம் இருந்தது, சேர்த்தால் 20. இரண்டாம் முறை 20. பிள்ளையிடம் இருப்பது இரண்டிலும் ஒன்றுதான். "ரெண்டு ரூபா ஏமாத்திட்டாங்களா?" என்று கேளுங்கள். சில பிள்ளைகள் "ஆமா"என்பார்கள். கையில் இருப்பதை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொடுங்கையூர்_மூன்றாம்வகுப்பு

நான் இதை மூன்றாம் வகுப்பிலேயே கொடுக்கத் தயங்குவேன். கொடுத்த தொகை, விலை, மீதி மூன்றும் ஒரே நேரத்தில் மாறுகிறது. பாதிப் பிள்ளைகள் 52 − 50 என்று கழிப்பார்கள்.

வண்ணை_மாலைவகுப்பு

சரி, இப்போதைக்கு அதைத் தள்ளிவைக்கிறேன். முதல் தாளை மாற்றி அமைத்திருக்கிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

முதல் படம்: 10 ரூபாய் நோட்டு 1, 5 ரூபாய் 2. விடை 20. ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டாவது: 5 ரூபாய் 2, 2 ரூபாய் 3. விடை 16. மூன்றாவது பழைய 30 ரூபாய்ப் படமே, ஆனால் இந்த முறை காசுகள் வகைவாரியாக வரிசையில், ஒவ்வொன்றுக்கும் கீழே ஓடும் மொத்தம் எழுத ஒரு சின்னக் கட்டம். நான்காவது அதே 30 ரூபாய், சிதறியபடி, கட்டம் இல்லாமல். எதுவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. சிங்கப் பக்கம் கிடையாது. எண்கள் தடிமனாக. ஐந்தாவதாக ஒரு 20 ரூபாய் நாணயத்தையும் ஒரு 10 ரூபாய் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "எது அதிகம்?" என்று கேட்கலாம் என்றிருக்கிறேன். நோட்டு என்றாலே காசைவிட அதிகம் என்று நினைக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

50 பைசாவும் 25 பைசாவும் வேண்டுமா? பழைய தாள்களில் இருக்கிறது.

மூலக்கொத்தளம்_நாணயம்

25 பைசாவும் அதுக்குக் கீழ உள்ளதும் 2011 ஜூன் மாசக் கடைசியோட செல்லாமப் போச்சு டீச்சர், அதை எடுத்துடுங்க. 50 பைசா இன்னும் சட்டப்படி செல்லும், ஆனா கடையில பார்க்க முடியாது. இந்த வயசுக்கு அதுவும் வேண்டாம். கையில எடுத்துப் பார்க்க முடியாத காசைப் படத்துல வெச்சா பிள்ளைக்கு அது வெறும் வட்டம்.

ஐந்தாவது கேள்வி நல்ல கேள்வி. ஆனா 20 ரூபாய் நாணயத்தை வரையும்போது கவனமா இருங்க. 10 ரூபாய் நாணயமும் 20 ரூபாய் நாணயமும் ரெண்டுமே 27 மில்லிமீட்டர், ரெண்டுமே வெளிவளையம் ஒரு உலோகம், நடுவுல வேற உலோகம். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ்ல வட்டமா வரைஞ்சா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். 20 ரூபாய் வட்டமில்ல, 12 பக்கம் கொண்டது. ஸ்கேல் வெச்சு 12 பக்கத்தையும் நேர்கோடா வரைஞ்சிடுங்க.

தண்டையார்பேட்டை_அம்மா

அந்தப் பத்து ரூபா காசு செல்லாதுன்னு எங்க தெருக் கடையில வாங்க மாட்டேங்கறாங்களே, அதைப் பையனுக்கு எப்படிச் சொல்றது?

மூலக்கொத்தளம்_நாணயம்

செல்லும்க்கா. 10 ரூபாய் நாணயம் அதுவரைக்கும் 14 விதமான வடிவத்துல வந்திருக்கு, எல்லாமே செல்லும்னு 2018 ஜனவரியில ரிசர்வ் வங்கியே அறிவிச்சிருக்கு. கடைக்காரர் ஒரு வடிவத்தைப் பார்த்துட்டு இன்னொண்ணைப் பொய்க் காசுன்னு நினைக்கிறார். பையன் கையில ரெண்டு வடிவத்தையும் குடுத்து, ரெண்டுலயும் 10 எங்க இருக்குன்னு தேடச் சொல்லுங்க.